ஸ்னோமெட் அட்டவணையில் சந்தேகத்துக்கும் ஒரு பத்தி வேண்டும்

மருத்துவமனைகளின் நோய்ப் பட்டியல்களை யாரும் ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதுவதில்லை. ஒரு மருத்துவர் அவசரத்தில் தட்டச்சு செய்த சுருக்கம், பழைய மென்பொருளிலிருந்து அப்படியே கொண்டுவந்த சொல், காப்பீட்டுப் படிவத்துக்காக நடுவில் நுழைந்த சொல் என்று ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வளர்ந்தவை அவை. அந்தப் பட்டியலின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஸ்னோமெட் சிடி கலைச்சொல் தொகுப்பில் எந்தக் கருத்துரு பொருந்தும் என்று கண்டு எழுதுவது என் வேலை. கண்டுபிடிப்பதை விட, கண்டுபிடித்ததில் எவ்வளவு நிச்சயம் என்பதை அடுத்தவர் படித்துச் சரிபார்க்கும்படி எழுதிவைப்பதுதான் அதில் கடினமான பகுதி. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஸ்னோமெட் பற்றி அறியாதவர்களுக்கு இரண்டு வரிகள். அதில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துருக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு முழுப்பெயர், பல மாற்றுப்பெயர்கள் உண்டு. முழுப்பெயரின் கடைசியில் அது நோயா, அறிகுறியா, சிகிச்சையா என்று சொல்லும் வகைக்குறி ஒன்று அடைப்புக்குறிக்குள் நிற்கும். ஒவ்வொரு கருத்துருவும் தன்னை விடப் பொதுவான ஒன்றின் கீழ் அமர்ந்திருக்கும்: இரண்டாம் வகை நீரிழிவு `44054006` என்பது நீரிழிவு `73211009` என்பதன் கீழ் வருகிறது. ஆகவே நீரிழிவு நோயாளிகள் எல்லோரையும் தேடினால் இரண்டாம் வகையினரும் தாமாகவே வந்துவிடுவார்கள். தவறான எண்ணைக் கொடுத்தால் அந்த நோயாளி சேர வேண்டிய கூட்டத்தில் சேராமல், சம்பந்தமில்லாத இன்னொரு கூட்டத்தில் போய் நிற்பார்.

இந்த வேலையைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் எழுத்து ஒற்றுமையைக் கணக்கிடும் மென்பொருளில் பட்டியலைப் போட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் வரும் மதிப்பெண்ணைப் பார்த்து, 90 விழுக்காட்டுக்கு மேல் இருப்பவற்றை ஏற்றுக்கொண்டு, மீதியை மட்டும் சரிபார்க்கலாம் என்று நினைக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் `Diabetes mellitus type 1`, `Diabetes mellitus type 2` என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 24 எழுத்திடங்களில் ஒன்று மட்டுமே வேறு. கிட்டத்தட்ட 96 விழுக்காடு ஒற்றுமை. ஆனால் ஒன்றுக்கு இன்சுலின் இல்லாமல் உயிர் வாழ முடியாது. மற்றதற்குப் பலருக்கு மாத்திரையே போதும். மறுபக்கம், `Heart attack` என்பதும் `Myocardial infarction` என்பதும் ஒரே நோய். எழுத்தில் இரண்டுக்கும் உறவே இல்லை. எழுத்து ஒற்றுமை தேடலைச் சுருக்க உதவும். தேடிக் கிடைத்தது சரியா என்பதற்கு அது சான்றாகாது. அதனால் மதிப்பெண் பத்தியை என் அட்டவணையில் வைத்திருந்தாலும், சரிபார்ப்பவர் கண்ணில் படாதபடி மறைத்தே வைக்கிறேன். 0.96 என்ற எண்ணைப் பார்த்தவுடன் மனம் பாதி சம்மதித்துவிடுகிறது.

ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு முழுவதுமாகப் பார்ப்போம். `PID`.

பட்டியலில் இது ஒரே வரி; உள்ளூர்க் குறியீடும் ஒன்றே. மகளிர் நோய் மருத்துவருக்கு இது இடுப்புக்குழி உறுப்புகளில் வரும் தொற்று அழற்சி. எலும்பு மூட்டு மருத்துவருக்கு இதுவே முதுகெலும்புகளுக்கு இடையிலான வட்டு பிதுங்குவது. இருவரும் ஒரே தேர்வுப் பெட்டியிலிருந்து ஒரே வரியைச் சொடுக்குகிறார்கள். மென்பொருள் `PID` என்று தேடினால் ஏதோ ஒன்று முதலில் வரும். அதை ஏற்றுக்கொண்டால் வேலை முடிந்ததாகத் தோன்றும்.

அடுத்த யோசனை பெரும்பான்மை. எந்தப் பிரிவு இதை அதிகம் பயன்படுத்துகிறதோ அதன் பொருளையே எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்பது. மகளிர் நோய்ப் பிரிவே அதிகம் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். அப்போது வட்டு பிதுங்கிய ஆண் நோயாளிக்குப் பெண்களுக்கான நோய் பதிவாகும். அது எப்படியும் யார் கண்ணிலாவது பட்டு ஒரு நாள் திருத்தப்பட்டுவிடும். வட்டு பிதுங்கிய பெண்ணின் பதிவில் ஏறிய தவறோ யார் கண்ணிலும் படாது. முதுகுவலிக்கு வந்தவர், தனக்கு இல்லாத இடுப்புக்குழித் தொற்றைத் தன் பதிவில் சுமந்துகொண்டு அடுத்த மருத்துவமனைக்குப் போவார். அங்கே கருத்தரிப்புப் பற்றிப் பேச்சு வரும்போது அந்த வரி அவரைப் பின்தொடரும். இப்படி உறுத்தாமல் உட்கார்ந்துகொள்ளும் தவறுகளுக்குத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

`PID` வரிக்கு முதல் சுற்றில் நான் எந்த ஸ்னோமெட் எண்ணையும் எழுதுவதில்லை. இலக்குக் கட்டத்தைக் காலியாக விட்டு, பல பொருள் உள்ளது என்ற கொடியை ஏற்றி, காரணத்தை எழுதுகிறேன். பிறகு அந்தச் சொல் பதிவான இடங்களைப் பிரிவு வாரியாகவும், நோயாளியின் பாலினம், வயது வாரியாகவும் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு துறை மருத்துவர்களையும் கேட்க வேண்டும். கேட்கும்போது "இது என்ன நோய்?" என்று கேட்டால் பதில் கிடைக்காது, அவரவருக்கு அதன் பொருள் சந்தேகமே இல்லாதது. "உங்கள் பிரிவில் இந்த வரியை வேறு எதற்காவது யாராவது பயன்படுத்துவதுண்டா, டாக்டர்?" என்று கேட்டால்தான் யோசிக்கத் தொடங்குவார்கள்.

அதன் பிறகு ஒரு வரி மூன்றாகிறது. மகளிர் நோய்ப் பிரிவில் பதிவான `PID` ஒரு கருத்துருவுக்குப் போகிறது. எலும்பு மூட்டுப் பிரிவில் பதிவானது இன்னொன்றுக்கு. அவசர சிகிச்சைப் பிரிவில் பதிவானது காலியாகவே இருக்கிறது, ஏனென்றால் அங்கே இரண்டு வகை நோயாளிகளும் வருகிறார்கள். ஆண் நோயாளி என்றால் முதல் பொருளை நீக்கிவிடலாம். பெண் நோயாளி என்றால் பாலினம் எதையும் தீர்மானிக்காது. அந்தப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, முதுகெலும்புக்கு எம்ஆர்ஐ எடுத்தார்களா, அடிவயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தார்களா என்று பார்த்தால் ஓரளவு தெரியவரும். அதுவும் மனிதர் பார்க்க வேண்டிய வேலையே. ஆகவே அட்டவணையின் சாவி சொல் மட்டுமல்ல. சொல்லும் அது பதிவான பிரிவும் சேர்ந்ததே சாவி. இதை முதலிலேயே முடிவுசெய்து அட்டவணையை அமைப்பது நல்லது. பாதியில் வரிகளைப் பிரிக்கத் தொடங்கினால் எந்த ஒப்புதல் எந்த வரிக்கு என்று குழம்பிவிடும்.

பல பொருள் தரும் சொற்கள் குறைவு. பொருள் ஒன்றே ஆனாலும் அளவு சரியாக ஒத்துவராத சொற்களே மிகுதி. இதற்கு நான் இரண்டு கேள்விகளை வைத்திருக்கிறேன். உள்ளூர்ச் சொல் பதிவான ஒவ்வொரு நோயாளிக்கும் ஸ்னோமெட் கருத்துரு பொருந்துமா? அந்தக் கருத்துரு பொருந்தும் ஒவ்வொரு நோயாளிக்கும் இந்த உள்ளூர்ச் சொல்லை எழுதலாமா? இரண்டுக்கும் ஆம் என்றால் இரண்டும் சமம். முதல் கேள்விக்கு மட்டும் ஆம் என்றால் கருத்துரு நம் சொல்லை விட அகலமானது. இரண்டாவதற்கு மட்டும் ஆம் என்றால் கருத்துரு நம் சொல்லை விடக் குறுகியது.

அகலமானதும் குறுகியதும் ஒரே அளவு தவறு அல்ல. ஒரு மருத்துவமனையில் நீரிழிவுப் பாதப்புண்ணை எந்த விரல், எவ்வளவு ஆழம் என்பது வரை ஒரே வரியில் எழுதுகிறார்கள் என்றால், பாதப்புண் என்ற பொதுவான கருத்துருவுக்கு அதைக் கொண்டுபோவதால் விவரம் குறைகிறது. பொய் எதுவும் சேரவில்லை. மூலச்சொல்லைப் பதிவில் அப்படியே வைத்திருக்கும் வரை அந்த விவரத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம். ஆனால் வெறுமனே `Diabetes` என்று இருக்கும் வரியை, "இங்கே வருபவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகைதானே" என்று `44054006`-க்குக் கொண்டுபோனால், மருத்துவர் சொல்லாத ஒன்றை நாம் சொல்லிவிடுகிறோம். முதல் வகை நீரிழிவு உள்ள சிறுவனின் பதிவிலும் அது போய் உட்கார்ந்துவிடும். இதனால் அகலமான பொருத்தத்தைக் குறிப்புடன் ஏற்றுக்கொள்ளலாம் என்றும், குறுகிய பொருத்தத்தை மருத்துவரின் கையொப்பமின்றி ஏற்றுக்கொள்ளக் கூடாது என்றும் வைத்திருக்கிறேன்.

உயர் ரத்த அழுத்தம் இதற்கு நல்ல சோதனை. உள்ளூர்ச் சொல் `HTN`. ஸ்னோமெட்டில் `38341003` பொதுவான உயர் ரத்த அழுத்தம். `59621000` வேறு நோயின் விளைவாக வராத, முதன்மை வகை. உள்ளூர்ப் பட்டியலில் அதே வரிக்குப் பக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 குறியீடாக `I10` இருக்கும். அதன் பெயர் முதன்மை உயர் ரத்த அழுத்தம். அதைப் பார்த்துவிட்டு `59621000`-ஐத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். ஆனால் ஐசிடி ஒரு வகைப்பாடு. எல்லா நோயாளிகளையும் ஏதாவது ஒரு பெட்டியில் போட்டாக வேண்டும் என்பதற்காக, காரணம் எழுதப்படாத ரத்த அழுத்தமும் `I10`-இலேயே விழுகிறது. மருத்துவர் எழுதியது உயர் ரத்த அழுத்தம் என்று மட்டுமே. சிறுநீரக நோயால் அழுத்தம் ஏறியவருக்கும் அதே `HTN`-ஐச் சொடுக்கியிருக்கலாம். ஆகவே `38341003`. ஐசிடி பத்தியோடு முரண்படுகிறது என்ற கொடியுடன்.

இந்த அகலம், குறுகல் பற்றி ஓர் எச்சரிக்கை. அட்டவணையை, மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான ஃபயர் தரநிலையின் `ConceptMap` வடிவத்துக்கு மாற்றும்போது நான்காம் பதிப்பில் `wider` என்ற சொல் வருகிறது. அது இலக்கு அகலமானது என்று பொருள்படும். மூலம் அகலமானது என்று படிப்பவர்கள் ஏராளம். திசை தலைகீழானால் ஆபத்தான வரிகள் ஆபத்தில்லாதவையாகத் தோன்றும். ஐந்தாம் பதிப்பில் `source-is-narrower-than-target` என்று விரித்து எழுதிவிட்டார்கள். நீளமாக இருந்தாலும் படிப்பவர் திசையை மாற்றிப் புரிந்துகொள்ள இடமில்லை. அட்டவணையிலும் இந்த நீண்ட பெயர்களையே எழுதச் சொல்கிறேன்.

அடுத்தது, சந்தேகங்களிலேயே இரண்டு வகை உண்டு என்பது. `? Appendicitis` என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்விக்குறி மருத்துவருடையது: குடல்வால் அழற்சியாக இருக்கலாம் என்று நினைக்கிறார், உறுதியில்லை. ஆனால் சொல்லின் பொருளில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. `74400008` என்பதில் முழு நிச்சயம். இந்த இரண்டையும் ஒரே கொடியில் கலந்தால் சரிபார்ப்பவர் எதைச் சரிபார்ப்பது என்று தெரியாமல் தவிப்பார். மருத்துவரின் சந்தேகம் நோயாளியின் பதிவுக்குரியது. ஃபயர் தரநிலையில் அதற்கென்று `verificationStatus` என்ற இடமும், அதில் `provisional` என்ற மதிப்பும் இருக்கின்றன. என் சந்தேகம் அட்டவணைக்குரியது. இரண்டுக்கும் வெவ்வேறு பத்திகள் வேண்டும். கேள்விக்குறியைக் கழற்றிவிட்டுப் பொருத்துவது மிகப் பரவலாக நடக்கிறது. உறுதியாகாத நோய் உறுதியான நோயாகப் பதிவில் ஏறுவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

`H/O MI` என்பதும் இதே குடும்பம். முன்பு மாரடைப்பு வந்தவர் என்பதே இதன் பொருள். `MI` என்ற எழுத்துகள் மென்பொருளை நேராக `22298006`-க்கு, அதாவது மாரடைப்புக்கு, அழைத்துப்போகும். பொருத்தமானது `399211009`, இது சூழலோடு சேர்ந்த கூற்றுகளுக்கான தனிக் கிளையில் இருக்கிறது. மாரடைப்பு நோயாளிகளைத் தேடும் `<< 22298006` என்ற தேடலில் இது வராது, வரவும் கூடாது. தவறாகப் பொருத்தினால், பல்வலிக்கு வந்த முதியவர் கூட இந்த மாத மாரடைப்புக் கணக்கில் சேர்ந்துவிடுவார்.

வகைக்குறியைப் பற்றிச் சுருக்கமாக: சீழ்க்கட்டிக்கு ஸ்னோமெட்டில் `Abscess` என்ற ஒரே பெயரில் இரண்டு கருத்துருக்கள் உண்டு. `128477000` நோய், `44132006` திசுவில் காணும் மாற்றத்தின் பெயர், நோய்களை வரையறுக்கப் பயன்படுவது. நோய்ப் பத்தியில் இரண்டாவது வரக் கூடாது. தேடலையே நோய்கள், அறிகுறிகள், சூழல் கூற்றுகள் ஆகிய கிளைகளுக்குள் அடக்கிவிட்டால் இந்தத் தவறு நுழைய வழியில்லை. இதைக் கணினியிடமே விட்டுவிடலாம்.

இவற்றை ஏந்தும் அட்டவணை சிறியதுதான். அதன் முக்கியமான பத்திகள் மட்டும் இங்கே:

```
key,term,target,fsn,relation,flag,why
D017|*,DM2,44054006,Diabetes mellitus type 2 (disorder),equivalent,,
D042|*,HTN,38341003,"Hypertensive disorder, systemic arterial (disorder)",equivalent,ICD_CONFLICT,list carries I10
D071|*,ABSCESS,128477000,Abscess (disorder),equivalent,,
D103|EMERG,PID,,,,AMBIGUOUS,gynae and ortho both use it here
```

`key` பத்தியில் உள்ளூர்க் குறியீடும் பிரிவும் சேர்ந்திருக்கின்றன; `*` என்றால் எல்லாப் பிரிவுகளும். எண்ணுக்குப் பக்கத்தில் வகைக்குறியோடு கூடிய முழுப்பெயர் இருப்பதைக் கவனியுங்கள். எண்ணை மட்டும் பார்த்து யாராலும் எதையும் சரிபார்க்க முடியாது. `flag` பத்தியில் "சந்தேகம்" என்று மட்டும் எழுதாமல் சந்தேகத்தின் வகையை எழுதுவதற்குக் காரணம், வகை தெரிந்தால் யாரிடம் அனுப்புவது என்பதும் தெரிந்துவிடும் என்பதே. பல பொருள் என்றால் அந்தந்தப் பிரிவுக்கு. குறுகிய பொருத்தம் என்றால் மூத்த மருத்துவருக்கு. ஐசிடி முரண்பாடு என்றால் மருத்துவப் பதிவேட்டுத் துறைக்கு. எல்லாக் கொடிகளையும் ஒரே மருத்துவரிடம் மொத்தமாக அனுப்பினால், முதல் பக்கத்தைக் கவனமாகப் பார்ப்பார். போகப் போக எல்லாவற்றுக்கும் சரி என்று எழுதிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. வெளியே நோயாளிகள் காத்திருக்கிறார்கள். `why` பத்தியின் ஒற்றை வரி அவருடைய நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக இருக்கிறது. அதை எழுத நான் எடுத்துக்கொள்ளும் நேரம் வீணல்ல.

கொடி ஏற்றிய வரிகளை மட்டும் சரிபார்த்தால் போதுமா? போதாது. கொடி இல்லாத வரிகளில்தான் நம் நம்பிக்கை முழுவதும் இருக்கிறது. அந்த நம்பிக்கையைச் சோதிக்க ஒரே வழிதான் உண்டு. கொடியில்லாதவற்றிலிருந்து குலுக்கல் முறையில் சில வரிகளை எடுத்து, இலக்கு எண்ணை மறைத்துவிட்டு, இரண்டாவது ஆளிடம் புதிதாகப் பொருத்தச் சொல்ல வேண்டும். எண்ணைக் காட்டிவிட்டுச் சரியா என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்றே வரும். இதற்குப் புள்ளியியலில் ஓர் எளிய கணக்கு உண்டு: 60 வரிகளைச் சோதித்து ஒரு தவறும் கிடைக்காவிட்டால், மூன்றை 60-ஆல் வகுத்தால் வரும் 5 விழுக்காடு வரை தவறு இன்னும் ஒளிந்திருக்க இடமுண்டு என்பது 95 விழுக்காட்டு நிச்சயத்தில் கிடைக்கும் மேல் எல்லை. 300 வரிகளில் ஒன்றும் இல்லை என்றால் எல்லை 1 விழுக்காடு. ஒரு தவறு கிடைத்துவிட்டால், அந்த வரியைத் திருத்துவதோடு நிறுத்தாமல், அது ஏன் கொடி பெறவில்லை என்று தேட வேண்டும். பெரும்பாலும் ஒரு சுருக்கெழுத்து விதியோ, ஐசிடி வழியாக வந்த ஒரு தானியங்கிப் பொருத்தமோ அதற்குப் பின்னால் இருக்கும். அதே வழியில் வந்த மற்ற வரிகளும் உடனே கொடி பெற வேண்டும்.

நடைமுறையில் அடிக்கடி கெடுக்கும் இரண்டு விஷயங்கள் மீதமிருக்கின்றன. ஸ்னோமெட் எண்கள் 18 இலக்கங்கள் வரை போகலாம். எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் எண்ணைத் துல்லியமாக வைத்துக்கொள்வதில்லை. மீதி இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும். நாடுகள் தாமாகச் சேர்க்கும் நீண்ட எண்களில் இது நடக்கிறது. சரிபார்ப்பவர் கோப்பைத் திறந்து சேமித்தாலே போதும், யாருக்கும் தெரியாமல் எண் மாறிவிடும். அந்தப் பத்தியை உரையாகவே இறக்குமதி செய்ய வேண்டும். ஸ்னோமெட் எண்ணின் கடைசி இலக்கம் சோதனை இலக்கம் என்பதால், திரும்பி வந்த கோப்பில் ஒவ்வோர் எண்ணையும் அதை வைத்துச் சோதித்தால் சிதைந்தவை பெரும்பாலும் அங்கேயே பிடிபடும்.

மற்றது பதிப்பு. ஸ்னோமெட்டின் சர்வதேசப் பதிப்பு இப்போது மாதந்தோறும் வெளிவருகிறது. ஒவ்வொரு முறையும் சில கருத்துருக்கள் செயலிழக்கச் செய்யப்படுகின்றன. அவற்றுக்குப் பதில் எது என்பதையும் பதிப்போடு தருகிறார்கள். `REPLACED BY` என்று ஒரே பதில் இருந்தால் மாற்றிவிட்டு, மாற்றியதை எழுதிவைக்கலாம். `POSSIBLY EQUIVALENT TO` என்று இரண்டு மூன்று பதில்கள் இருந்தால், பழைய கருத்துருவிலேயே பல பொருள்கள் கலந்திருந்தன என்று பொருள். அந்த வரி மீண்டும் `AMBIGUOUS` கொடியுடன் பிரிவு மருத்துவரிடம் போக வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு வரியிலும் எந்தப் பதிப்பைப் பார்த்து ஒப்புதல் கொடுக்கப்பட்டது, யார் கொடுத்தார், எந்தத் தேதியில் என்பதை எழுதிவைக்கிறேன். அவசரப் பிரிவின் `PID` வரியில் இந்த மூன்று கட்டங்களும் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன. தேர்வுப் பெட்டியிலிருந்து அந்த மூன்றெழுத்தை எடுத்துவிட்டு இரண்டு முழுப்பெயர்களை வைக்கும் கோரிக்கையை மென்பொருள் குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம். பழைய பதிவுகளை அந்தப் பிரிவின் மருத்துவர் ஒருவர் கோப்பைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.